ஒரே இணைய டிக்கெட்டுக்கு இரண்டு முறை பணம் பிடித்தது: இரண்டாவது தொகையைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
மு. சண்முகநாதன்,
ஈசூன், சிங்கப்பூர்.

பெறுநர்:
முதன்மை மேற்பார்வையாளர்,
இணைய முன்பதிவுப் பிரிவு,
ரயில்வே முன்பதிவு அலுவலகம்,
சென்னை.

3 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பிஎன்ஆர் 4412087356, பயண நாள் 17.10.2025, சென்னை எழும்பூர் – திருநெல்வேலி, மூன்றடுக்கு ஏசி, நான்கு பேர். கூடுதலாகப் பிடித்த ரூ. 4,415.40 பற்றி.

தீபாவளிக்கு ஊருக்குப் போக, மேற்கண்ட டிக்கெட்டை 18.8.2025 அன்று உங்கள் இணையதளத்தில் எடுத்தோம். நான்கு இருக்கைகளும் உறுதியாகிவிட்டன. டிக்கெட் கட்டணம் 4,380 ரூபாய், சேவைக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 35 ரூபாய் 40 காசு. இந்த 4,415.40 ரூபாய் எங்கள் சிங்கப்பூர் கடன் அட்டையிலிருந்து ஒரு முறை போயிருக்க வேண்டும், இரண்டு முறை போயிருக்கிறது.

இதே புகாரை 20.8.2025 அன்று மின்னஞ்சலில் அனுப்பினோம். "தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கான பணம் ஏழு வேலை நாளில் தானாகத் திரும்பும்" என்று பதில் வந்தது. அந்தக் கெடு முடிந்துவிட்டது, பணம் வரவில்லை. காத்திருந்தாலும் வராது என்றே நினைக்கிறோம். காரணம், இங்கே எந்தப் பரிவர்த்தனையும் தோல்வியடையவில்லை. பணம் வந்து டிக்கெட் பதிவாகாமல் போனால்தான் அது தோல்விப் பட்டியலில் ஏறும், தானாகத் திரும்பும். எங்கள் கணக்கில் தோல்விப் பட்டியல் காலியாக இருக்கிறது. இரண்டு தொகையும் வெற்றி என்றே பதிவாகி, இரண்டும் ஒரே பிஎன்ஆரின் கீழ் நிற்கின்றன என்பது எங்கள் கணிப்பு. அப்படியானால் யாராவது கையால் திறந்து பார்த்தால் ஒழிய இது கண்ணில் படாது. அதற்காகவே இந்தக் கடிதம்.

நடந்த வரிசை இது. அன்று இந்திய நேரம் காலை 8 மணிக்கு, அதாவது சிங்கப்பூர் நேரம் 10:30க்கு, முன்பதிவு திறந்தது. பயணிகள் விவரம் கொடுத்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனது 10:32க்கு. 10:33க்கு வங்கிச் செயலியில் ஒப்புதல் கேட்டது, கொடுத்தோம். பிறகு பக்கம் ஒன்றரை நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் பின்செல்லும் பொத்தானையோ புதுப்பிக்கும் பொத்தானையோ அழுத்தவில்லை, வேறு சாளரமும் திறக்கவில்லை. 10:35க்கு டிக்கெட் வந்தது. அதே நிமிடத்தில் வங்கியிடமிருந்து இரண்டு குறுஞ்செய்திகள், இரண்டிலும் ஒரே தொகை.

ஒப்புதல் ஒன்று, பிடித்தம் இரண்டு. இதைத்தான் முதலில் கவனிக்கக் கோருகிறோம். நாங்கள் மறுபடி முயன்றிருந்தால் செயலி இரண்டாவது முறையும் ஒப்புதல் கேட்டிருக்கும். கேட்கவில்லை என்பதை வங்கியின் பதிவும் உறுதிசெய்கிறது. ஆகவே இரண்டாவது கோரிக்கை எங்கள் பக்கமிருந்து கிளம்பவில்லை. முதல் கோரிக்கைக்குப் பதில் தாமதமானதும் பணம் வாங்கும் நுழைவாயில் அதையே இன்னொரு முறை வங்கிக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஒரே ஆர்டர் எண்ணுக்கு ஒரு பிடித்தம்தான் என்ற தடுப்பு அங்கே வேலை செய்யவில்லை. நெரிசல் நேரத்தில் இப்படி நேர்வது புதிதல்ல என்பதால், அதே காலை 8 மணிக்கு எடுத்த மற்றவர்களின் பதிவுகளையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இது தற்காலிக நிறுத்திவைப்பாக இருக்கும், தானாக விடுபடும் என்று உங்கள் உதவி எண்ணில் ஒருவர் சொன்னார். அதுவும் இல்லை. முதல் சில நாள் இரண்டும் நிலுவையில் இருந்தன. பிறகு ஒன்று 20ஆம் தேதியும் மற்றது 21ஆம் தேதியும் முடிந்த கணக்காக ஏறிவிட்டன. தனித்தனி நாளில் ஏறியதால் நாணய மாற்று விகிதமும் வேறு:

முதல் பிடித்தம்: வங்கி அனுமதி எண் 402917, ஆர்ஆர்என் என்னும் பரிவர்த்தனைக் குறிப்பு எண் 523008417362, வங்கிக் கட்டணத்தோடு 67 வெள்ளி 32 காசு.
இரண்டாவது பிடித்தம்: வங்கி அனுமதி எண் 402958, ஆர்ஆர்என் 523008417419, வங்கிக் கட்டணத்தோடு 67 வெள்ளி 41 காசு.

இந்த எண்களை எங்கள் வங்கியே எடுத்துக் கொடுத்தது. இரண்டில் எது பிஎன்ஆரோடு சேர்ந்தது என்று உங்கள் பதிவில்தான் தெரியும். அதைப் பார்த்து, சேராததைத் திருப்ப வேண்டுகிறோம்.

ஐயா, இதில் எங்களுக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. பணத்தைத் திருப்புவதாக நினைத்து டிக்கெட்டையே ரத்து செய்துவிடக் கூடாது. ரத்து செய்தால் ஆளுக்கு 180 ரூபாயும் ஜிஎஸ்டியும் கழியும். அது போனாலும் போகட்டும், தீபாவளி வாரத்தில் அந்த இருக்கைகள் திரும்பக் கிடைக்காது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறது. இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, மேலே ஏற முடியாது. எனவே திருப்ப வேண்டியது கூடுதல் பிடித்தத்தை மட்டும். பிஎன்ஆரில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று கோப்பிலேயே குறித்துவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

திருப்பும்போது சேவைக் கட்டணம் 35.40ஐயும் சேர்த்து முழு 4,415.40 ரூபாயையும் அதே அட்டைக்கே அனுப்ப வேண்டும். எங்களுக்கு இந்திய வங்கிக் கணக்கு இல்லை. இணையதளப் பணப்பையில் வரவு வைத்தால் அதை இங்கே எடுக்க முடியாது. அனுப்பிய பின் ஏஆர்என் என்னும் 23 இலக்க எண்ணை எழுதித் தெரிவியுங்கள். "அனுப்பிவிட்டோம்" என்ற ஒரு வரியை வைத்து எங்கள் வங்கியால் எதையும் தேட முடியாது, அந்த எண் இருந்தால் பணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவது பிடித்தத்துக்கு வங்கி எடுத்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 2 வெள்ளி 12 காசு. அதை வங்கி திருப்பித் தராது. உங்கள் தரப்புப் பிழையால் வந்த செலவு என்பதால் அதையும் ஈடுசெய்யக் கோருகிறோம்.

பணம் பிடித்தும் உறுதி கிடைக்காத இணையப் பரிவர்த்தனையை ஐந்து நாளுக்குள் திருப்பவும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தரவும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்தது. அனுப்புபவரும் பெறுபவரும் இந்தியாவில் இருந்தால்தான் அது பொருந்தும். எங்கள் அட்டை சிங்கப்பூருடையது, ஆகவே அந்த இழப்பீட்டை நாங்கள் கேட்கவில்லை. உள்ளூர் அட்டைக்குக் காட்டும் வேகத்தை எங்களுக்கும் காட்டுங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

வங்கியில் ஆட்சேப மனு கொடுத்தும் பணத்தைப் பெறலாம். இதுவரை கொடுக்காமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: வங்கி தவறுதலாக பிஎன்ஆரோடு சேர்ந்த பிடித்தத்தை எதிர்த்துவிட்டால், டிக்கெட்டுக்கே பணம் வரவில்லை என்று உங்கள் கணக்கில் காட்டும், பயணம் சிக்கலாகும். ஆனால் ஆட்சேபத்துக்கும் காலக்கெடு உண்டு. 15.9.2025க்குள் உங்களிடமிருந்து ஏஆர்என் எண்ணோ, எந்த ஆர்ஆர்என் எங்கள் டிக்கெட்டுக்குரியது என்ற எழுத்துப்பூர்வமான பதிலோ வராவிட்டால், மறுநாள் மனு கொடுப்போம். பணத்தைத் திருப்ப நாளாகும் என்றாலும், டிக்கெட்டுக்குரிய எண் எது என்பதையாவது முதலில் தெரிவித்துவிடுங்கள்.

பதிலை முன்பதிவுக் கணக்கில் பதிவாகியுள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். தொலைபேசியில் அழைப்பதானால் இந்திய நேரம் மாலை 4 மணிக்கு மேல் அழையுங்கள், இங்கே அப்போது 6:30 ஆகியிருக்கும், வேலை முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
மு. சண்முகநாதன்

இணைப்பு: மின் டிக்கெட் நகல், இரண்டு பிடித்தமும் தெரியும் அட்டைக் கணக்கு அறிக்கை (அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றவை மறைக்கப்பட்டுள்ளன), ஒரே ஒப்புதல் பதிவானதைக் காட்டும் வங்கிக் கடிதம், 20.8.2025 மின்னஞ்சலும் அதற்கு வந்த பதிலும்.