கனடா வருகையாளர் விசா விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் விளக்கக் கடிதம்

க. சிவபாதம்
உப்புவெளி, திருகோணமலை
08.09.2025

விசா அதிகாரி அவர்களுக்கு,
கனடா உயர்ஸ்தானிகராலயம், கொழும்பு.

ஐயா / அம்மணி,

எனக்கும் மனைவி யோகேஸ்வரிக்கும் வருகையாளர் விசா கேட்டு இத்துடன் விண்ணப்பிக்கிறோம். எனக்குச் சரளமாக வருவது தமிழ் என்பதால் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவருடைய சத்தியக் கூற்றும் இணைக்கப்பட்டுள்ளன.

ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு டிசம்பர் இரண்டாம் வாரத்தில் முதற் பிரசவம் என்று வைத்தியர் நாள் குறித்திருக்கிறார். மருமகனின் தாயார் காலமாகிவிட்டார். அதனால் பிரசவ நேரத்தில் மகளோடு நிற்கவும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் போகிறோம். நவம்பர் 20இல் புறப்பட்டு 2026 ஜனவரி 28இல் திரும்ப எண்ணியுள்ளோம். பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிப்பது எங்கள் வழக்கம். அது ஜனவரி நடுப்பகுதியில் வரும். பிரசவம் சில நாள் பிந்தினாலும் சமாளிக்கலாம் என்றுதான் அந்தத் திகதி வைத்தோம். மனைவி செய்யப்போவது ஒரு தாய் மகளுக்குச் செய்கிற பத்தியச் சமையலும் பிள்ளையை முழுகவார்ப்பதும்தான். இருவரும் அங்கே சம்பளத்துக்கு எந்த வேலையும் செய்யமாட்டோம்.

கடும் குளிர்காலத்தில் இந்த வயதில் ஏன் போகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரசவம் அப்போது என்பது ஒரு காரணம். மற்றது என் தொழில். திருகோணமலை நகரில் வலை, கயிறு, மிதவை, தூண்டில் விற்கும் கடை வைத்திருக்கிறேன். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வாடைக்காற்றில் இங்கே கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் அதிகம் இறங்காது, கடையிலும் ஆள் இராது. அந்த மாதங்களில் தம்பி மகன் தனியாகவே கடையைப் பார்த்துக்கொள்வான். ஆனால் மார்ச் அளவில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர்கள் வந்து இந்தக் கரையில் வாடி போடத் தொடங்குவார்கள். அதற்கு முன் பெப்ரவரியிலேயே சாமான் கொள்வனவு செய்து, யாருக்கு எவ்வளவு கடன் என்று பேசி முடிக்க வேண்டும். அந்தப் பேச்சுக்கு நான்தான் கடையில் இருக்க வேண்டும், தம்பி மகனுக்கு யாரும் மசியமாட்டார்கள். ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அந்தப் பருவத்தில்தான் வருகிறது.

இனிப் பணம். எங்கள் விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி, கைச்செலவு எல்லாம் என் பொறுப்பு. டுபாய் வழியாகப் போய்வர இருவருக்கும் சுமார் 8 இலட்சம் ரூபா. இப்போதைக்கு முன்பதிவு மட்டும் செய்திருக்கிறோம், சீட்டு வாங்கவில்லை. காப்புறுதிக்கு 1 இலட்சத்து 40 ஆயிரம். குளிர் உடுப்புக்கும் கைச்செலவுக்கும் 3 இலட்சம். ஆக 12 இலட்சத்து 40 ஆயிரம். தங்குமிடமும் சாப்பாடும் மகள் வீட்டில். மருமகன் கனேடியப் பிரஜை. அவருடைய அழைப்புக் கடிதம், தொழில் உறுதிக் கடிதம், வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவை உள்ளன. மகள் அங்கே நிரந்தர வதிவிட உரிமை பெற்றவள்.

என் சேமிப்புக் கணக்கில் 31 இலட்சம் இருக்கிறது. அதில் 18 இலட்சம் கடந்த ஏப்ரலில் ஒரே தடவையாக வந்திருப்பதைக் கூற்றில் காண்பீர்கள். விசாவுக்காகக் கைமாற்று வாங்கிப் போட்ட காசு அல்ல அது. மூதூரில் அப்பாவின் காணியில் எனக்கு வந்த பங்கைத் தம்பிக்கு விற்ற பணம், காசோலையாக வந்தது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் பிரதியை வங்கிக் கூற்றுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறேன். அதைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் மீதி 13 இலட்சத்தில் பயணச் செலவு அடங்கும். இதைத் தவிர இருவர் பெயரிலும் 24 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது. பயணத்துக்காக அதைத் தொடமாட்டோம். கடையின் வியாபாரப் பதிவும் வருமான வரி அறிக்கையும் சேர்த்துள்ளேன். மாத வருமானம் ஒரே சீராக இல்லாததற்குக் காரணம் மேலே சொன்ன கடல்தான்.

உப்புவெளியில் இருக்கும் வீடு என் பெயரில். உறுதிப் பிரதி உள்ளது. மனைவியின் 84 வயதுத் தாயார் எங்களோடு இருக்கிறார். நாங்கள் இல்லாத நாட்களில் மனைவியின் தங்கை வந்து நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள், ஆனால் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது, ஜனவரி கடந்து நிற்க முடியாது. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. முன்பு சிதம்பரமும் திருச்செந்தூரும் தரிசிக்க இந்தியா போய், விசா முடியும் முன்பே திரும்பியிருக்கிறோம். அந்த முத்திரைகள் கடவுச்சீட்டுகளில் உள்ளன. எந்த நாடும் எங்களுக்கு விசா மறுத்ததில்லை.

விண்ணப்பக் கட்டணமும் கைரேகைக் கட்டணமும் செலுத்திவிட்டோம். நேர்காணலுக்கோ மூல ஆவணங்களுக்கோ அழைத்தால் இருவரும் கொழும்புக்கு வருவோம். திருகோணமலையிலிருந்து வரவேண்டும் என்பதால் இரண்டு நாள் முன்னதாக அறிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
க. சிவபாதம்
(மனைவி சி. யோகேஸ்வரி சார்பிலும்)