கடைவாய்ப்பல் எடுத்த மறுநாள் வலி: இரு குழுக்களின் ஒப்பீடு

பல் எடுத்து 24 மணி நேரம் கழித்து, 62 பேர் தங்கள் வலியை 100 மி.மீ. நீளக் கோட்டில் குறித்தார்கள். இவர்களில் 32 பேர் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம் கொடுத்தவர்கள், 30 பேர் கொடுக்காதவர்கள். இரு குழுக்களிலும் பெரும்பாலோரின் வலி குறைவு. சிலர் மட்டும் 70-க்கு மேல் குறித்ததால் பரவல் வலப்பக்கம் நீண்டிருந்தது. அந்தச் சிலர் சராசரியை இழுத்துவிடுவார்கள் என்பதால் இடைநிலையையும் கால்மானங்களையும் தருகிறோம்.

ஒத்தடக் குழுவின் இடைநிலை வலி 18 மி.மீ. (கால்மானங்கள் 9, 31). மற்றக் குழுவில் 29 மி.மீ. (17, 52). மான்-விட்னி தரவரிசைச் சோதனைப்படி ஒத்தடக் குழுவின் மதிப்புகள் பொதுவாகக் குறைவாக இருந்தன: U = 308, z = −2.43, p = 0.015 (இருபக்கம், சம மதிப்புகளுக்குத் திருத்தியது). சராசரித் தரவரிசை முறையே 26.1, 37.2.

விளைவின் அளவு, தரவரிசை ஈரிணைத் தொடர்புக்கெழு 0.36 (95% நம்பிக்கை இடைவெளி 0.08 முதல் 0.58 வரை). அதாவது குழுவுக்கு ஒருவராக இருவரை எடுத்தால், ஒத்தடம் கொடுத்தவருக்கு வலி குறைவாக இருக்கும் வாய்ப்பு சுமார் 68% (சம மதிப்புகளைப் பாதியாகக் கணக்கிட்டு).

இரு பரவல்களின் வடிவம் ஒன்றுபோல இல்லை. எனவே இதை இடைநிலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் சோதனையாக நாங்கள் எழுதவில்லை. நம்பிக்கை இடைவெளியும் அகலமானது. பலன் மிகச் சிறியதாகவும் இருக்கலாம், கணிசமானதாகவும் இருக்கலாம்.