மணி பிளான்ட் இலைப் புள்ளிகள்: நீக்கப்பட்ட படத்துக்குப் பதிலாக எழுத்து விவரம்

செடியின் படம் நீக்கப்பட்டுவிட்டதால், அதில் காணப்பட்டவற்றையும், படத்தில் எப்படியும் தெரிந்திருக்காத சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன். பச்சை இலையில் வெளிர்மஞ்சள் தீற்றல்கள் உள்ள சாதாரண மணி பிளான்ட் இது. கொடி ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். இருபதுக்கும் மேற்பட்ட இலைகளில் ஏழில் புள்ளிகள் உள்ளன. அந்த ஏழும் கொடியின் அடிப்பகுதியில் உள்ள முதிர்ந்த இலைகள். நுனியில் விரியும் தளிர்கள் நன்றாகவே இருக்கின்றன.

புள்ளிகள் 3 முதல் 8 மில்லிமீட்டர் வரை அகலமானவை. பெரும்பாலும் இலையின் விளிம்பை ஒட்டியும், சில நடுநரம்பின் அருகிலும் உள்ளன. முற்றிய புள்ளியின் நடுப்பகுதி பழுப்பு நிறத்தில் காய்ந்து மெலிந்திருக்கிறது; அதைச் சுற்றிக் கரும்பழுப்பு வளையமும், அதற்கும் வெளியே மங்கலான மஞ்சள் வட்டமும் காணப்படுகின்றன. இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால், அந்தக் கரும்பழுப்பு வளையம் எண்ணெய் பட்ட தாளைப்போல ஒளியை ஊடுருவ விடுகிறது. புதிதாகத் தோன்றும் புள்ளிகளில் மஞ்சள் இல்லை. இலையின் அடிப்புறத்தில் நீர் ஊறியதுபோன்ற கரும்பச்சைப் பொட்டுகளாக மட்டுமே அவை தெரிகின்றன. ஈரப் பஞ்சால் துடைத்தால் எதுவும் போவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது மாவுப்பூச்சியோ, செதில்பூச்சியோ, சிலந்திப்பேன் பின்னும் நூலோ தென்படவில்லை.

தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. வாய் அகலம் 15 சென்டிமீட்டர். அடியில் ஒரே ஒரு துளைதான் உள்ளது. கீழே தட்டு வைத்திருக்கிறேன். மண் கலவையில் பாதி தென்னை நார்க்கழிவு, மீதி தோட்ட மண்ணும் மட்கிய எருவும், மணல் சேர்க்கப்படவில்லை. மேல்மண் வெளிறிக் காய்ந்ததுபோல் தோன்றினாலும், விரலை இரண்டு கணு ஆழம் செலுத்தினால் சேறாக ஒட்டுகிறது. இலேசான புளித்த வாடையும் வருகிறது. தொட்டியின் உள்விளிம்பில் வெள்ளை உப்புப் படிவு உண்டு. மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்றுவதும், மாலையில் இலைகள் நனையத் தெளிப்பதும் வழக்கம்.

செடி கிழக்கு நோக்கிய சன்னலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இருக்கிறது. காலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நேர்வெயில் கொடியின் மேல்பகுதியில் மட்டும் படும்; பிறகு விளக்கின்றிப் புத்தகம் படிக்கும் அளவுக்குப் பரவிய வெளிச்சம் இருக்கும். சன்னல் பெரும்பாலும் மூடியே இருப்பதால் காற்றோட்டம் குறைவு. வெயில் படாத கீழ் இலைகளில்தான் புள்ளிகள் இருப்பதால், இது வெயிலால் கருகியதாக எனக்குத் தோன்றவில்லை. நீர் தேங்கும் மண்ணும், இரவு முழுவதும் காயாத இலைகளும் சேர்ந்து பாக்டீரியாவுக்கோ பூஞ்சைக்கோ இடம் கொடுத்திருக்கலாம் என்பதே என் ஊகம். எனினும் வேரை இன்னும் பார்க்கவில்லை.

புள்ளி விழுந்த இலைகளை இப்போதே வெட்டிவிட்டு, தெளிப்பதை நிறுத்திக் காத்திருப்பது போதுமா, அல்லது வேரைச் சோதித்து உடனே மண்ணை மாற்ற வேண்டுமா என்பதை மேற்கண்ட விவரங்களைக் கொண்டு கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.