அசைன்மென்ட் 3: சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமுக்கு ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமெண்ட் வரைபடங்கள்

பாடம்: பொருள்களின் வலிமை. டிப்ளமோ சிவில், இரண்டாம் ஆண்டு.

வினா: A, B என்ற இரு முனைகளிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட பீம் ஒன்றின் நீளம் 6 மீட்டர். A-யிலிருந்து 4 மீட்டர் வரை மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் சீரான பளு பரவியுள்ளது. A-யிலிருந்து 5 மீட்டரில் 30 கிலோநியூட்டன் புள்ளிப் பளு இருக்கிறது. பீமின் சுய எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெட்டு விசை, வளைவுத் திருப்புத்திறன் வரைபடங்களை அளவுக்கு வரைந்து, அதிகபட்ச மதிப்புகளையும் அவை வரும் இடங்களையும் குறிக்கவும். ஒவ்வொரு படிக்கும் காரணத்தைச் சொந்த நடையில் எழுதவும்.

விடை:

பளு முடியும் இடத்தை C என்றும், புள்ளிப் பளு உள்ள இடத்தை D என்றும் வைத்துக்கொண்டேன்.

```
12 kN/m                  30 kN
vvvvvvvvvvvvvvvvvvvvv    |
                         v
A===================C====D====B
^                             o
|<------ 4 m ------>|1 m |1 m |
```

இந்த 12 என்ற எண் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர் 2.6 மீட்டர் உயரத்துக்கு எழும்பினால், கட்டுவேலையின் எடையைக் கனமீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று எடுக்கும்போது, 0.23 × 2.6 × 20 = 11.96 வருகிறது. அதாவது, ஒரு பீமின் மேல் 4 மீட்டருக்கு மட்டும் சுவர் வந்து, மிச்ச இடம் வாசலாக விடப்பட்டு, அந்த வாசல் பகுதியில் குறுக்கே வரும் இன்னொரு பீம் 30 கிலோநியூட்டனை இறக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கை இப்படி ஒரு கட்டடமாகப் பார்த்த பிறகுதான் எனக்குப் படம் பிடிபட்டது.

ரியாக்ஷன்

A-யைச் சுற்றித் திருப்புத்திறன் எடுக்கிறேன். பரவிய பளு மொத்தம் 48 கிலோநியூட்டன். ரியாக்ஷன் கண்டுபிடிக்க மட்டும் அதை நடுப்புள்ளியில், அதாவது A-யிலிருந்து 2 மீட்டரில், நிற்பதாக எடுக்கலாம்.

```
RB × 6 = 48 × 2 + 30 × 5 = 246
RB = 41 kN
RA = 48 + 30 − 41 = 37 kN
```

பரவிய பளுவில் பெரும்பகுதி A பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் B-யில் ரியாக்ஷன் அதிகம், ஏனென்றால் 30 கிலோநியூட்டன் B-யிலிருந்து ஒரே மீட்டரில் நிற்கிறது. சரிபார்க்க B-யைச் சுற்றியும் எடுத்தேன்: 48 × 4 + 30 × 1 = 222; 222-ஐ 6-ஆல் வகுத்தால் 37. ஒத்துப்போகிறது.

ஷியர் ஃபோர்ஸ்

குறி ஒழுங்கு: வெட்டுமுகத்துக்கு இடப்பக்கம் மேல்நோக்கிய விசை நேர்க்குறி. பீம் தொங்கும்படி வளைக்கும் மொமெண்ட் நேர்க்குறி.

A-யிலிருந்து x தூரத்தில் பீமை வெட்டி, இடப்பக்கத் துண்டை மட்டும் பார்க்கிறேன்.

```
A–C:  V = 37 − 12x
C–D:  V = 37 − 48 = −11 kN
D–B:  V = 37 − 48 − 30 = −41 kN
```

A-யில் +37-இல் தொடங்கி, மீட்டருக்கு 12 வீதம் சாய்ந்து இறங்கி, C-யில் −11-ஐத் தொடுகிறது. C-க்கும் D-க்கும் நடுவில் பளு எதுவும் இல்லை. கோடு கிடையாகவே போகும். D-யில் 30 கிலோநியூட்டன் செங்குத்தாக இறங்கி −41. அங்கிருந்து B வரை மீண்டும் கிடைக்கோடு. B-யில் 41 மேலேறிப் பூஜ்யத்தில் மூடுகிறது.

ஷியர் ஃபோர்ஸ் பூஜ்யத்தைக் கடக்கும் இடம்:

```
37 − 12x = 0
x = 37 / 12 = 3.083 m
```

பெண்டிங் மொமெண்ட்

```
A–C:  M = 37x − 6x²
C–D:  M = 37x − 48(x − 2) = 96 − 11x
D–B:  M = 41(6 − x)
```

முதல் பகுதியில் 6x² வருவது, x நீளத்துப் பளு 12x, அதன் மையம் வெட்டுமுகத்திலிருந்து x/2 தூரத்தில் இருப்பதால். இப்பகுதி பரவளைவு. மற்ற இரண்டும் நேர்கோடுகள்.

```
x (m)      0    1    2    3    3.083   4    5    6
M (kN·m)   0    31   50   57   57.04   52   41   0
```

அதிகபட்ச மொமெண்ட் 57.04 கிலோநியூட்டன்-மீட்டர், A-யிலிருந்து 3.083 மீட்டரில். ஷியர் படத்தின் பரப்பை வைத்தும் பார்த்தேன். நேர்க்குறி முக்கோணத்தின் பரப்பு ½ × 37 × 3.083 = 57.04. அதற்குப் பின் C வரை உள்ள சிறு முக்கோணம் ½ × 11 × 0.917 = 5.04. கழித்தால் 52. C-யின் மதிப்பு அதேதான்.

முதல் தடவை நான் செய்த பிழை

இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கில் நான் கற்றுக்கொண்டது இங்கேதான்.

ரியாக்ஷனுக்காக 48 கிலோநியூட்டனை 2 மீட்டரில் ஒரே பளுவாக நிறுத்தினேன் அல்லவா, படம் வரையும்போதும் அதை அங்கேயே விட்டுவிட்டேன். ஷியர் படம் A-யிலிருந்து 2 மீட்டர் வரை +37 என்று கிடையாகப் போய், அங்கே 48 செங்குத்தாக இறங்கி −11 ஆனது. பெண்டிங் மொமெண்ட் படம் 2 மீட்டரில் 74 என்ற கூரான உச்சியோடு நின்றது.

என்னை ஏமாற்றியது என்னவென்றால், சரிபார்ப்பு எல்லாமே சரியாக வந்தது. B-யில் ஷியர் பூஜ்யத்தில் மூடியது. C-யில் 74 − 22 = 52. D-யில் 41. B-யில் பூஜ்யம். ஒரு எண்ணும் உதைக்கவில்லை. பளு பரவிய பகுதிக்கு வெளியே நின்று பார்த்தால் பரவிய பளுவும் அதன் மொத்தமும் ஒரே விளைவைத்தான் தரும். அதனால் C-க்கு வலப்பக்கம் படம் முழுக்கச் சரி. A-க்கும் C-க்கும் நடுவில் மட்டும் தவறு. முனைகள் பூஜ்யத்தில் மூடுகிறதா என்ற சோதனை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது.

பிழையைக் கண்டது இப்படி. ஒரு தாளால் படத்தின் 1 மீட்டருக்கு வலப்பக்கம் எல்லாவற்றையும் மறைத்தேன். மிஞ்சிய இடப்பக்கத் துண்டில் கீழே 37 மேல்நோக்கி, மேலே 1 மீட்டர் சுவர். அந்தச் சுவரின் 12 கிலோநியூட்டன் கண்ணெதிரே நிற்கிறது. ஆக ஷியர் 25 இருக்க வேண்டும். என் படத்தில் 37 இருந்தது. அங்கே நிற்கும் சுவரை நான் எடுத்து 2 மீட்டருக்கு நகர்த்திவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. வெட்டிய பிறகு, வெட்டிய துண்டின் மேல் இருக்கும் பளுவை மட்டுமே மொத்தமாக்கலாம்; வெட்டுவதற்கு முன்னால் மொத்தமாக்கி வைக்கக் கூடாது.

74-க்கும் 57.04-க்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 30 சதவீதம். கூடுதலாகத்தானே வந்திருக்கிறது, பாதுகாப்புதானே என்று விட முடியாது. உச்சி வரும் இடமும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. நிஜ உச்சி இருக்கும் 3.083 மீட்டரில் அந்தப் படம் 62 என்று ஒரு சாதாரண மதிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

வரைதல்

நீளத்துக்கு 1 செ.மீ. = 0.5 மீட்டர். ஷியருக்கு 1 செ.மீ. = 10 கிலோநியூட்டன். மொமெண்டுக்கு 1 செ.மீ. = 10 கிலோநியூட்டன்-மீட்டர். இந்த அளவில் பீம் 12 செ.மீ. வருகிறது, பளுப் படம், ஷியர், மொமெண்ட் மூன்றும் ஒரே கிராஃப் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடங்குகின்றன. A, C, D, B நான்கிலிருந்தும், 3.083 மீட்டர் புள்ளியிலிருந்தும் மூன்று படங்களுக்கும் சேர்த்து மெல்லிய புள்ளிக்கோடு இறக்கியிருக்கிறேன். ஷியர் பூஜ்யமாகும் புள்ளியும் மொமெண்ட் உச்சியும் ஒரே கோட்டில் விழுவதை அதில் பார்க்கலாம்.

ஷியர் படத்தில் A-யில் 3.7 செ.மீ. மேலே, C-யில் 1.1 செ.மீ. கீழே, D-யிலிருந்து B வரை 4.1 செ.மீ. கீழே. மொமெண்ட் படத்தில் மேலே உள்ள அட்டவணையின் மதிப்புகளைப் பத்தால் வகுத்துக் குறித்து, A முதல் C வரை உள்ள புள்ளிகளைக் கைவளைவாகச் சேர்த்தேன், ஸ்கேல் வைக்கவில்லை. வளைவு A-யில் வேகமாக எழுந்து, உச்சியில் தட்டையாகி, C-யை நோக்கி மெதுவாக இறங்கும்.

C-யில் ஒரு கவனம் வேண்டும். அங்கே பரவளைவு முடிந்து நேர்கோடு தொடங்கினாலும் முனை வரக் கூடாது. மொமெண்ட் கோட்டின் சாய்வுதான் ஷியர். C-க்குச் சற்று முன்னும் −11, சற்றுப் பின்னும் −11. சாய்வு மாறவில்லை, வளைவு நேர்கோட்டில் வழுக்கிச் சேர வேண்டும். D-யில் அப்படியில்லை. −11 சட்டென −41 ஆகிறது. அங்கே கோடு பளிச்சென்று மடங்க வேண்டும். பிழை திருத்திய பின் வரைந்த முதல் வரைவில் இரண்டு இடத்திலும் முனை வைத்திருந்தேன். C-யில் ரப்பரால் அழித்த தடம் தாளில் இன்னும் தெரியும்.

விடைகள்

அதிகபட்ச வெட்டு விசை 41 கிலோநியூட்டன், D-க்கும் B-க்கும் இடையே முழு மீட்டருக்கும். அதிகபட்ச வளைவுத் திருப்புத்திறன் 57.04 கிலோநியூட்டன்-மீட்டர், A-யிலிருந்து 3.083 மீட்டரில். மொமெண்ட் எங்கும் குறி மாறவில்லை. எனவே எதிர்வளைவுப் புள்ளி இல்லை.

வினாவில் கேட்கவில்லை என்றாலும் ஒன்று சேர்க்கிறேன். விடுமுறைப் பயிற்சிக்குப் போன சைட்டில் பீம் கம்பி கட்டும்போது, முனைகளில் ரிங் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் போடுவதைப் பார்த்தேன். கம்பி கட்டுபவரிடம் காரணம் கேட்டதற்கு, "ஓரத்துலதான் வெட்டும் தம்பி, நடுவுல தொங்கும்" என்றார். இந்தப் பீமில் B பக்கம் 1 மீட்டர் முழுக்க 41 குறையாமல் நிற்கிறது. ஆகவே அங்கே ரிங் நெருக்கத்தை D வரை கொண்டுபோக வேண்டும். A பக்கம் ஷியர் வேகமாகக் குறைவதால் சீக்கிரமே இடைவெளியைக் கூட்டலாம். சுய எடையையும் சேர்ப்பதானால், 230 × 400 மில்லிமீட்டர் கான்கிரீட் பீமுக்கு மீட்டருக்கு 0.23 × 0.4 × 25 = 2.3 கிலோநியூட்டன், அதனால் நடுவில் 2.3 × 36 / 8 = 10.35 கிலோநியூட்டன்-மீட்டர் கூடும். சுய எடையோடு இரண்டாவதாக ஒரு படத்தைத் தாளின் பின்பக்கம் பென்சிலில் வரைந்திருக்கிறேன். ஐயா நேரமிருந்தால் பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன்.