பொருள்: கணக்கு உதவியாளர் பணி – என் ரெஸ்யூமே குறித்து ஒரு வேண்டுகோள்

வணக்கம் மேடம்,

கணக்கு உதவியாளர் பணிக்கு நான் தேர்வாகவில்லை என்று நேற்று நீங்கள் அனுப்பிய மெயில் கிடைத்தது. வருத்தம்தான், ஆனாலும் பதிலே வராமல் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். நன்றி.

முடிவை மாற்றச் சொல்லி எழுதவில்லை. நேர்காணல் வரை போகாததால் குறை ரெஸ்யூமேயில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றி உங்கள் கருத்து தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

குறிப்பாக இரண்டு சந்தேகங்கள். மூன்று வருடம் பில் சரிபார்த்தது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்த்தது எல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன. முதல் பக்கத்தில் பாதியைப் படிப்பும் பயிற்சி வகுப்புகளுமே பிடித்துக்கொண்டன. அனுபவத்தை மேலே கொண்டுவர வேண்டுமா? அப்புறம், அப்பாவின் சிகிச்சைக்காக எட்டு மாதம் வேலையில் இல்லை. அதற்குக் காரணம் எழுதாமல் விட்டது தவறாகப் பட்டதா?

தயங்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இரண்டு வரி போதும். வசதிக்காக அதே ரெஸ்யூமேயை மீண்டும் இணைத்திருக்கிறேன். வேலைப்பளுவில் பதில் எழுத முடியாமல் போனாலும் புரிந்துகொள்வேன்.

அன்புடன்,
கவிதா