வெப்ப அலையில் இறந்த இறைச்சிக் கோழிகளுக்கான இழப்பீட்டுக் கோரிக்கை

மாங்குளம்
06.05.2024

கிளை முகாமையாளர்,
கால்நடைக் காப்புறுதிப் பிரிவு,
வவுனியா.

ஐயா,

பத்திர இல. 0417 – இறைச்சிக் கோழி, ஒரு தொகுதி

ஏப்ரல் 29, 30 ஆகிய இரு நாட்களில் எனது பண்ணையில் 610 கோழிகள் வெப்பத்தால் இறந்தன. 29 ஆம் திகதி பி.ப. 3.45 மணிக்கே தங்கள் கிளைக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். இழப்புக்குக் காரணம் நோயோ பராமரிப்புக் குறைவோ அல்ல என்பதைத் தீன் பதிவேடும் கால்நடை வைத்திய அதிகாரியின் அறிக்கையும் காட்டுகின்றன. இரண்டின் பிரதிகளையும் இணைத்துள்ளேன்.

மார்ச் 26 இல் 1,500 குஞ்சுகள் இறக்கப்பட்டன. ஏப்ரல் 28 மாலை வரை இறந்தவை 41; அவற்றுக்கு நான் எதுவும் கோரவில்லை. மீதி 1,459. கொட்டில் 60 அடி நீளம், 25 அடி அகலம். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குச் சற்றுக் கூடவே இடம் இருந்தது. கொட்டில் கிழக்கு மேற்காக அமைந்தது. பக்கங்கள் கம்பி வலை, கூரைத் தகட்டின் மேல் கிடுகு, உள்ளே நான்கு மின்விசிறி.

29 ஆம் திகதி பி.ப. 12.50 க்கு மின் தடைப்பட்டு 4.10 க்கே வந்தது. ஜெனரேற்றரை உடனே இயக்கினோம். அது 2 கே.வி.ஏ. என்பதால் தண்ணீர் மோட்டரையும் மேற்குப் பக்கத்து இரு விசிறிகளையும் மட்டுமே தாங்கியது. கூரைக்குத் தண்ணீர் அடித்தோம், வலையில் நனைத்த சாக்குகளைக் கட்டினோம். காற்று அசையவில்லை. 2.30 க்குக் கோழியின் உயரத்தில் தொங்கவிட்ட வெப்பமானி 39.5 பாகை செல்சியஸ் காட்டியது. கோழிக்கு வியர்வை இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றோட்டம் நின்றால் அதுவும் பயன்படாது. அன்று இறந்த 512 இல் 371 விசிறி நின்ற கிழக்குப் பக்கத்திலேயே கிடந்தன. மற்ற 98 உம் மறுநாள், 29 இன் சூட்டில் சோர்ந்து எழும்பாமல் கிடந்தவை. மே 1 இல் நான்கு மட்டுமே இறந்தன. அவற்றையும் கோரவில்லை.

தீன், தண்ணீர்ப் பதிவேட்டைத் தயவுசெய்து கவனமாகப் பாருங்கள்:

ஏப்ரல் 26: தீன் 228 கிலோ, தண்ணீர் 560 லீற்றர்
ஏப்ரல் 27: தீன் 205 கிலோ, தண்ணீர் 690 லீற்றர்
ஏப்ரல் 28: தீன் 171 கிலோ, தண்ணீர் 815 லீற்றர்

தீன் குறையக் குறையத் தண்ணீர் ஏறியிருக்கிறது. ராணிக்கேட் போன்ற நோய் பிடித்த கோழி தீனோடு தண்ணீரையும் குறைக்கும். 29 ஆம் திகதி காலை 84 கிலோ மட்டும் வைத்து, 9.30 க்குத் தீன் தட்டுகளை உயர்த்திவிட்டோம். தீன் செரிக்கும்போது உடற்சூடு கூடும் என்பதற்காக. வாங்கிய 88 மூடைகளில் (4,400 கிலோ) 28 மாலை இருப்பு 380 கிலோ. அதன்படி உண்ட தீன் 4,020 கிலோ, கோழி ஒன்றுக்கு ஏறத்தாழ 2.75 கிலோ. அன்று நிறுத்த சராசரி எடை 1.72 கிலோ. தீன் மாற்று விகிதம் 1.6. நோயுற்ற தொகுதியில் இந்த விகிதம் வராது.

அரச கால்நடை வைத்திய அதிகாரி 29 மாலை 5.40 க்கு வந்து 12 இறந்த கோழிகளை அறுத்துப் பார்த்தார். சற்று முன் இறந்தவற்றின் உடல் வெப்பம் 45.6 பாகை, வழமையானது 41 முதல் 42 வரை. நெஞ்சுத் தசை வெந்த இறைச்சி போல் வெளிறியிருந்தது. நுரையீரலில் இரத்தத் தேக்கம், இதயத்தில் சிறு இரத்தப் புள்ளிகள். இரைப்பையில் தண்ணீர் மட்டும். ராணிக்கேட்டுக்குரிய சுரப்பு இரைப்பை இரத்தக்கசிவு இல்லை, கம்பரோவுக்குரிய வீக்கம் இல்லை, குடலில் இரத்தக் கழிச்சல் அடையாளம் இல்லை. பனிக்கட்டியில் அனுப்பிய மாதிரிகளில் ராணிக்கேட் வைரசு காணப்படவில்லை என மே 3 ஆய்வுகூட அறிக்கை கூறுகிறது. ஏப்ரல் 2, 16 இல் ராணிக்கேட், 9 இல் கம்பரோத் தடுப்பூசி வழங்கிய அட்டையும் இணைப்பில் உள்ளது.

இறந்தவை கிராம அலுவலர், பொதுச் சுகாதார பரிசோதகர் முன்னிலையில் எண்ணப்பட்டு, கிணற்றிலிருந்து 150 அடிக்கு அப்பால் ஆறடிக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கப்பட்டன. ஒன்றும் விற்கப்படவில்லை.

கோழி ஒன்றுக்கான செலவு: குஞ்சு ரூ. 220.00, தீன் 2.75 கிலோ, கிலோ ரூ. 210 வீதம் ரூ. 577.50, தடுப்பூசி, விற்றமின், உமி, மின்சாரம் ரூ. 42.50, மொத்தம் ரூ. 840.00. 610 கோழிகளுக்கு ரூ. 512,400. பத்திரப்படி உரிமையாளர் ஏற்க வேண்டிய 10% (ரூ. 51,240) கழித்து, நான் கோருவது ரூ. 461,160. விற்பனை விலையையோ வராத இலாபத்தையோ இதில் சேர்க்கவில்லை.

மின் தடையைக் காட்டி இதை இயந்திரக் கோளாறாகக் கொள்ள வேண்டாம் எனக் கேட்கிறேன். விசிறிகள் பழுதாகவில்லை, மின் வந்ததும் நான்கும் சுற்றின. அதே விசிறிகள் ஓடிக்கொண்டிருந்த 27, 28 ஆம் திகதிகளிலேயே கோழிகள் தீனை விடத் தொடங்கியிருந்தன.

மீதமுள்ள 845 கோழிகளை ஏற்ற மே 9 காலை வியாபாரியின் வண்டி வருகிறது. அதற்கு முன் தங்கள் மதிப்பீட்டாளரை அனுப்பினால், கொட்டில், விசிறிகள், ஜெனரேற்றர், இருக்கும் தொகுதி எல்லாவற்றையும் உள்ளபடியே காட்டலாம். பதிவேட்டின் மூலப்பிரதி பண்ணையில் இருக்கிறது.

இப்படிக்கு,
பண்ணை உரிமையாளர்

இணைப்பு: தீன், தண்ணீர்ப் பதிவேட்டின் பிரதி, தீன், குஞ்சு பற்றுச்சீட்டுகள், வைத்திய அதிகாரியின் அறிக்கை, ஆய்வுகூட அறிக்கை, தடுப்பூசி அட்டை, கிராம அலுவலரின் உறுதிக் கடிதம், புகைப்படங்கள்.