2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: ஐந்து நட்சத்திரம் ஒன்றாகி, இப்போது மூன்று

திருத்தம், ஜூன் 2025: கீழே உள்ள பழைய வரிகளை அழிக்கவில்லை. அவற்றை நம்பி இருவராவது வாங்கியிருப்பார்கள், அதனால் நடந்தது முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 2024-இல் வாங்கினேன். ஒன்பதாவது மாதம் உளுந்து மாவில் மை தடவியதுபோல ஒரு கறுப்புக் கோடு. மாமியார் அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது கல் தூள் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு" என்றார். குழவிகளை வெளியே எடுத்து, அச்சு நுழையும் துளையை வெள்ளைத் துணியால் துடைத்தோம். துணி கரியாயிற்று. அன்று அரைத்த மாவு முழுவதையும் கொட்டினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சர்வீஸ் சென்டரில் "புதுக் கல், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ஒன்பது மாதம் வாரம் இரண்டு முறை அரைத்த கல் எப்படிப் புதுக்கல் ஆகும்? கல் தூள் சாம்பல் நிறம், விரலில் நறநறக்கும். இது வழுக்கியது. அடுத்த முறை போனபோது, மாவை அதிகமாகப் போட்டதால் குழவித் துளைக்குள் இருக்கும் புஷ் வளையம் தேய்ந்துவிட்டது, 850 ரூபாய் ஆகும் என்றார்கள். உத்தரவாதம் இரண்டு ஆண்டு. கடுப்பில் ஐந்து நட்சத்திரத்தை ஒன்றாக்கி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன்.

புகாருக்குப் பிறகு நிறுவனத்திலிருந்தே அழைத்தார்கள். வந்தவர் பொறுமைசாலி. குழவிகளின் அச்சு, புஷ் இரண்டையும் மாற்றி, பழையதை என் கையில் கொடுத்து, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைக் காட்டினார். என்னிடம் பணம் வாங்கவில்லை. நவம்பர் முதல் இன்றுவரை மாவு வெள்ளையாகவே இருக்கிறது.

பிறகு ஏன் மூன்று? அரைப்பதில் குறையில்லை. இட்லி இப்போதும் பூப்போல வருகிறது. ஆனால் ஒரு சிறிய புஷ்ஷுக்காக மூன்று முறை அலைந்ததும், குற்றத்தை என் தலையில் கட்டப் பார்த்ததும் மறக்கவில்லை. புதிய புஷ்ஷும் அதே வேகத்தில் தேய்ந்தால், உத்தரவாதம் முடிந்த பின் செலவு நம்முடையது. இந்த மாடலை வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை அந்தத் துளையை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் தரும் காகிதத்தில் எழுத்து ஒரே ஆண்டில் மங்கிவிடுகிறது.

பழைய விமர்சனம், ஜனவரி 2024, ஐந்து நட்சத்திரம்: நான்கு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் தாராளமாகப் பிடிக்கிறது. உளுந்து நன்றாகப் பொங்கி வருகிறது. சத்தம் குறைவு, கழுவுவதும் எளிது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.